எண்பத்து நாலா, ஐம்பத்து மூணா? நம்ம ஊர்க் குப்பைக் கணக்கு

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். கணக்கு வருகிறது, ஆனால் ஏழாம் வகுப்புக் கணக்குதான். கூட்டல், கழித்தல், சதவீதம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. படிப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தேவையில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். "நமது நகரின் 84% குப்பை மறுசுழற்சி செய்யப்படுகிறது" என்று பச்சை எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு நானும் சந்தோஷப்பட்டேன். என் சித்தி மகளிடம் போனில் சொன்னேன். அவள் வாக்கப்பட்டுப் போனது குப்பைக் கிடங்குக்குப் பக்கத்து ஊர். கோடை வந்தால் கிடங்கு புகைவதையும், மழை வந்தால் அங்கிருந்து கறுப்புத் தண்ணீர் கசிவதையும் நாங்கள் யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை அவளுக்கு. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நூத்துல எம்பத்து நாலு போயிடுதுன்னா, எங்க வீட்டு வாசல்ல போற லாரி ஏன்க்கா கொறையல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளிடம் "வழிமுறையைக் காட்டு, விடையை மட்டும் எழுதாதே" என்று சொன்னவள், பலகையில் விடையை மட்டும் பார்த்து நம்பிவிட்டேன்.

இதற்கு அவசரமும் ஒன்று இருக்கிறது. இரண்டாவது உரக்கூடம் கட்டுவதா, இருக்கிற கிடங்கை ஒட்டி இன்னும் கொஞ்சம் நிலம் எடுப்பதா என்று பேச்சு நடக்கிறது. "ஏற்கெனவே 84 சதவீதம் வந்தாச்சு, இன்னொரு உரக்கூடம் எதுக்கு?" என்று ஒரு கூட்டத்தில் என் காது படவே சொன்னார்கள். ஆக அந்த எண் வெறும் பெருமைக்காக அங்கே நிற்கவில்லை. அது ஒரு முடிவை எடுக்கப் போகிறது.

உரக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருப்பவன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். பதிவேடுகளைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் காட்டினான். ஜூன் மாதக் கணக்கை எடுத்து, பேரன் லேப்டாப்பில் ஒரு எக்செல் தாளில் போட்டோம். எண்களை முழு டன்னாக மாற்றியிருக்கிறேன்.

நீங்கள் எல்லாரும் லவாய்சியரின் நிறை மாறா விதி படித்திருக்கிறீர்கள். பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. குப்பைக்கும் அதே விதிதான். ஒரு இடத்துக்குள் எவ்வளவு எடை போனதோ, அவ்வளவும் ஒன்று வெளியே வந்திருக்க வேண்டும், அல்லது உள்ளேயே இருப்பாகக் கிடக்க வேண்டும், அல்லது ஆவியாகக் காற்றில் போயிருக்க வேண்டும். நாலாவது வழி கிடையாது. வீட்டு வரவுசெலவு நோட்டு போடுகிறவர்களுக்கு இது புதிதும் இல்லை.

தாள் இதுதான்:

```
B2   ஊரில் சேகரித்தது               450
B3   உரக்கூடத்துக்குப் போனது          240
B4   உலர் கழிவு மையத்துக்குப் போனது    138
B5   நேராகக் கிடங்குக்குப் போனது       72
B6   உரக்கூடத்தில் கழித்துப் போட்டது    36
B7   மறுசுழற்சிக்கு விற்றது            38
B8   சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாக      30
B9   மையத்தில் கழித்துப் போட்டது       52
B10  மையத்தில் கூடிய இருப்பு           18
```

முதலில் பலகைக்காரர்கள் எப்படி 84 கொண்டு வந்தார்கள் என்று பார்ப்போம். 240-ஐயும் 138-ஐயும் கூட்டி 450-ஆல் வகுத்திருக்கிறார்கள். 378 கீழ் 450, சரியாக 84. வகுத்தலில் பிழை இல்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்கான விடை? "எவ்வளவு குப்பை இந்த இரண்டு கூடங்களின் வாசலுக்குள் போனது?" என்ற கேள்விக்கான விடை. உள்ளே போனதில் எவ்வளவு பின்வாசல் வழியாகத் திரும்பக் கிடங்குக்குப் போனது என்பது அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைத் தேர்ச்சி விகிதம் என்று எழுதினால் தலைமையாசிரியர் விடுவாரா?

ஈரக் கழிவு 240 டன்னில் பாலித்தீன் பை, துணி, கண்ணாடித் துண்டு என்று பொறுக்கி எறிந்தது 36. உலர் கழிவு மையத்தில் நிலைமை இன்னும் மோசம். 138 டன் உள்ளே போய், காசுக்கு விற்றது 38 மட்டும். ஏன் இவ்வளவு குறைவு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் என் வீட்டையே யோசித்துப் பார்த்தேன். நல்ல செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, எண்ணெய் டின் எல்லாவற்றையும் நான் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுகிறேன். அவர் எடுக்காத சிப்ஸ் கவரும், பிஸ்கட் உறையும், குழம்பு ஒட்டின பார்சல் பையும்தான் தூய்மைப் பணியாளர் கையில் போகிறது. அதைக் கழுவிக் காயவைத்து வாங்க யார் வருவார்கள்? அதில் காய்ந்து கிடப்பது 30 டன் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள். மீதி 52 கிடங்குக்கு. 18 டன் மூட்டை கட்டி மையத்தின் மூலையில் விற்காமல் அடுக்கிக் கிடக்கிறது.

அந்த 18-ஐ நன்றாகக் கவனியுங்கள். அது கிடங்குக்கும் போகவில்லை, மறுசுழற்சியும் ஆகவில்லை. மாதக் கடைசி இருப்பில் மாத ஆரம்ப இருப்பைக் கழித்து வருகிற எண் அது. அதை ஜூனிலேயே "தப்பித்தது" என்று எழுதிவிட்டு, ஜூலையில் விற்றதும் மறுபடி "விற்றது" என்று எழுதினால் ஒரே மூட்டைக்கு இரண்டு முறை மார்க் போட்டது ஆகும். மழையில் நனைந்து கெட்டுப்போய்க் கடைசியில் கிடங்குக்கே போகவும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் தனி வரிசையில் நிறுத்திவைத்தேன்.

இப்போது சூத்திரங்கள்:

```
B11  =B2-B3-B4-B5
B12  =B4-B7-B8-B9-B10
B13  =B3-B6
B14  =(B13+B7)/B2
B15  =(B13+B7+B8)/B2
B16  =B5+B6+B9
```

B11, B12 இரண்டும் சரிபார்ப்பு. பூஜ்யம் வர வேண்டும், வந்தது. வராவிட்டால் எங்கேயோ எடை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். B13 உண்மையில் உரமாக்கப் போட்டது: 204 டன். B14 மறுசுழற்சி விகிதம்: உரம் 204-ம் விற்றது 38-ம் சேர்த்து 242, அதாவது 53.8 சதவீதம். B15 கிடங்கு தவிர்ப்பு விகிதம், அதாவது கிடங்குக்குப் போகாமல் தப்பியது எவ்வளவு என்பது: 272, அதாவது 60.4 சதவீதம்.

இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைத்தான் பலகை மறைத்துவிடுகிறது. சிமென்ட் ஆலைக்குப் போன 30 டன் கிடங்குக்குப் போகவில்லை, அதனால் தவிர்ப்பில் சேரும். ஆனால் எரித்த பை திரும்பப் பையாக வராது, அதனால் மறுசுழற்சியில் சேராது. இது என் சொந்தப் பிடிவாதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திருத்திய சட்டத்தில், நகரக் குப்பையில் 2025-க்குள் 55 சதவீதம், 2030-க்குள் 60, 2035-க்குள் 65 மறுசுழற்சி ஆக வேண்டும் என்று வைத்தார்கள். எரிப்பது அதில் கணக்கு இல்லை. எடையையும் சேகரிக்கும் இடத்தில் பார்ப்பதில்லை. தரம் பிரித்துக் கழிவை நீக்கின பிறகு, மறுசுழற்சி வேலைக்குள் நுழைகிற இடத்தில் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. அங்கேயும் ஒரு காலத்தில் நம் பலகை மாதிரி எண்கள் வந்ததால்தானே இப்படி இறுக்கியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, 84 போய் 60 வந்தது. இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவு இங்கே முடிந்திருக்கும். ஆனால் சித்தி மகளின் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தாளின்படி கிடங்குக்குப் போனது B16, அதாவது 72, 36, 52 சேர்த்து 160 டன். இது கழித்துப் பார்த்துக் கிடைத்த எண். கிடங்கில் எடை மேடை கிடையாது. அங்கே உண்மையில் எவ்வளவு கொட்டினார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒருத்தி பார்த்திருக்கிறாள்! அவள் வீட்டு நாள்காட்டியில், பால் கணக்கு எழுதுகிற மாதிரி, ஜூன் மாதம் முழுக்க டிப்பர் போகப் போகக் கோடு போட்டு வைத்திருந்தாள். மொத்தம் 62 நடை. நான் கேட்டு அவள் ஆரம்பித்ததில்லை. கோபத்தில் அவளாகவே ஆரம்பித்தது.

நடை தெரிந்தால் போதுமா, எடை வேண்டுமே. நெடுஞ்சாலையில் இருக்கிற தனியார் எடை மேடையில் பத்து நடைகளை நிறுத்தி எடை போட்டோம். ரசீதுக் காசு நான் கொடுத்தேன். சுமையோடு ஒரு எடை, கொட்டிவிட்டு வந்ததும் வெறும் வண்டி ஒரு எடை. வெறும் வண்டி எடையையும் போடச் சொன்னதற்கு ஓட்டுநர் சிரித்தார். ஆனால் வண்டி வாங்கின அன்று எழுதின எடையை வைத்துக்கொண்டே கழித்தால், பிறகு வைத்த தடுப்புக் கம்பியும், ஒட்டிக் கிடக்கிற சேறும் குப்பைக் கணக்கில் சேர்ந்துவிடும். சராசரி 3.1 டன் வந்தது. மிகக் குறைந்தது 2.7, மிக அதிகம் 3.5.

```
B17  =62*3.1
B18  =B17-B16
```

B17 192 டன். B18 32 டன். தாள் சொல்வதை விட 32 டன் கூடுதலாகக் கிடங்கில் விழுந்திருக்கிறது.

பத்து நடையின் சராசரியை வைத்து 62 நடைக்குச் சொல்லலாமா என்று உங்களில் புள்ளியியல் படித்தவர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். அந்த 160 சரியாக இருக்க வேண்டுமென்றால் ஒரு நடைக்குச் சராசரி 2.58 டன் வர வேண்டும். நாங்கள் போட்ட பத்தில் மிக இலேசான வண்டியே 2.7. ஆகவே 32 என்பது 25 ஆகவோ 38 ஆகவோ இருக்கலாம், ஆனால் இடைவெளி இருக்கிறது. கட்டட இடிபாடு கலந்து வந்திருக்குமோ என்றும் விசாரித்தேன். அது டிராக்டரில் வேறு இடத்துக்குப் போகிறது. அதையும் நகரக் குப்பையில் சேர்த்து எழுதினால், கனமான கல்லும் மண்ணும் வந்து சதவீதத்தைத் தூக்கிவிடும். அப்படி எழுதுகிற ஊர்களும் உண்டு.

எங்கே போயிற்று அந்த 32? இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். உரக்கூடத்திலிருந்து மாதத்துக்குச் சராசரியாக 34 டன் சலித்த உரம் வெளியே போகிறது. உள்ளே 204, வெளியே 34. மீதி 170 டன் எங்கேடா என்று மேற்பார்வையாளனைச் சத்தம் போட்டுவிட்டேன். உரத்தை யாரோ லாரி லாரியாக விற்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவன் பொறுமையாக, "டீச்சர், காய்கறிக் கழிவுல முக்காவாசி தண்ணி. தொட்டில வேகும்போது ஆவியாப் போயிரும். மிச்சத்துலயும் கொஞ்சம் நுண்ணுயிர் தின்னு காத்தாப் போயிரும். நூறு கிலோ போட்டா இருபது, இருபத்தஞ்சு கிலோதான் உரம் வரும்" என்றான். லவாய்சியரை மேற்கோள் காட்டிய நானே காற்றில் போவதை மறந்துவிட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் அவன் சொன்னதையே பிடித்துக்கொண்டு யோசித்தால் இன்னொன்று தெரிகிறது. உரம் ஆக ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிக்கிறது. அதனால் ஜூன் வரவையும் ஜூன் உரத்தையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாது; மூன்று மாதச் சராசரியைத்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் 204 டன் போட்டால் குறைந்தது 40 டன் உரம் வர வேண்டும். 34 வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு உரம் என்று வைத்தால், உண்மையில் தொட்டிக்குள் விழுந்தது 170 டன் அளவில்தான் இருக்கும். 204-இல் 32 குறைத்தால் 172. கிடங்குப் பக்கம் கூடுதலாகக் கிடைத்த எடையும், உரக்கூடத்தில் குறைகிற எடையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றன. இது நிரூபணம் ஆகாது. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுகிறது.

தேடினோம். பதில் நாள்காட்டியிலேயே இருந்தது. மற்ற நாட்களில் ஒரு கோடு, இரண்டு கோடு. திங்கட்கிழமைகளில் மட்டும் நான்கு. ஞாயிறு நம் ஊர்ச் சந்தை. திங்கள் காலையில் சந்தைக் கழிவு மொத்தமாக வரும், தொட்டிகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஓட்டுநரிடம் கேட்டபோது மறைக்கவே இல்லை. "தொட்டி ரொம்பிக் கெடந்தா எங்க கொட்டுறது டீச்சர்? கெடங்குக்குத்தான் ஓட்டுவோம்." ஆனால் பதிவேட்டில், வண்டி சந்தையை விட்டுக் கிளம்பும்போதே "உரக்கூடம்" என்று எழுதிவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் யாரும் எழுதுவதில்லை. அந்த மாதம் ஐந்து திங்கள், திங்களுக்கு இரண்டு நடை வீதம் பத்து நடை, நடைக்கு 3.1 டன். 31 டன். நாங்கள் தேடியது 32.

திருடன் யாரும் இல்லை. இடம்தான் இல்லை.

இனி தாளைத் திருத்தலாம். B3-இல் 32 குறைத்து 208, B5-இல் 32 கூட்டி 104. மற்றது தானாக மாறிவிடும். மறுசுழற்சி 46.7 சதவீதம். கிடங்கு தவிர்ப்பு 53.3 சதவீதம். சரிபார்க்க இன்னொரு வழியிலும் போட்டேன்: 450-இல் கிடங்குக்குப் போன 192-ஐயும் இருப்பில் இருக்கிற 18-ஐயும் கழித்தால் 240. அதே 53.3.

பழைய பேப்பர்கடைக் கணக்கைச் சேர்க்கக் கூடாதா என்று கேட்கலாம். சேர்க்கலாம். கடைகளில் விசாரித்ததில் மாதம் 30 டன் அளவில் சொன்னார்கள். ஆனால் அது நகராட்சி வண்டியில் ஏறவே இல்லை, ஆகவே 450-க்குள் இல்லை. மேலே கூட்டினால் கீழேயும் கூட்ட வேண்டும். 270 கீழ் 480, 56 சதவீதம் சொச்சம். மேலே மட்டும் கூட்டி 450-ஆல் வகுத்தால் 60 வரும், அது கள்ளக் கணக்கு. வாய்ச்சொல்லில் கிடைத்த எண் என்பதால் அதைத் தாளில் சேர்க்காமல் அடியில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

என் கருத்து இதுதான். பலகையில் 84 என்ற எண்ணை எடுத்துவிட்டு, இரண்டு விகிதங்களையும் அதனதன் பெயரோடு எழுத வேண்டும். 53 என்று எழுதுவது ஊருக்கு அவமானம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. நம் தூய்மைப் பணியாளர்கள் கையால் பிரித்து மாதம் 240 டன்னைக் கிடங்கிலிருந்து காப்பாற்றுகிறார்கள். 84 என்று எழுதினாலும் 53 என்று எழுதினாலும் அந்த 240 மாறாது. மாறுவது அடுத்த முடிவு. 84 என்ற எண்ணைப் பார்க்கிறவருக்கு உரக்கூடம் தேவையில்லை என்று தோன்றும். 53-ஐயும் திங்கட்கிழமைக் கோடுகளையும் பார்க்கிறவருக்கு, ஞாயிற்றுச் சந்தைக்கு மட்டும் வாரம் ஆறு டன் சொச்சம் தாங்குகிற தொட்டிகள் குறைகின்றன என்று தெரியும். இன்னும் கிடங்கு நிலம் எடுப்பதை விட அது சின்னச் செலவு என்பது என் எண்ணம். மேற்பார்வையாளனும் அதையே சொல்கிறான்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். வண்டி கொட்டுகிற இடத்தில் எழுதின பதிவேடும், கிளம்பின இடத்தில் எழுதின பதிவேடும் இரண்டும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் "கணக்கில் வராதது" என்று ஒரு வரியில் அப்படியே விட வேண்டும். அந்த வரியைப் பூஜ்யமாக்க எங்கேயாவது எண்ணைத் திணிக்கக் கூடாது. பரீட்சைத் தாளில் விடை தெரிந்த பிறகு வழிமுறையை வளைத்து எழுதுகிற பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும், அதில் இரண்டு பேர் இதைப் படித்துக்கொண்டும் இருக்கிறீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இது ஒரே மாதம், அதுவும் மழை இல்லாத மாதம். ஐப்பசி கார்த்திகையில் குப்பை நனைந்து எடை கூடும், தண்ணீரையும் சேர்த்து எடை போடுவோம், சதவீதம் எப்படி ஆடும் என்று பன்னிரண்டு மாதம் போட்டால்தான் சொல்ல முடியும்.

தாளின் நகல் வேண்டியவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், பேரன் அனுப்புவான். சித்தி மகள் ஜூலை மாதத்துக்கும் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை வண்டியின் கடைசி நான்கு எண்ணையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முதல் திங்கட்கிழமை நான்கு கோடுதான் விழுந்திருக்கிறது.